‘கொஞ்சம் கவனக்குறைவு’

திருச்சி உறையூரில், எங்கள் வீட்டு முன்கூடத்தில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் மட்டும்தான். நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு அக்டோபர் மாதம் 4-ம் தேதி, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினேன்:

“வணக்கம் அண்ணா. தம்பி நல்ல பையன். ஒரு நாளும் லீவு போடறதில்லை, மத்த பசங்களுக்கும் சொல்லிக் கொடுக்கறான். கணக்கு நல்லாவே வருது. கொஞ்சம் கவனக்குறைவு மட்டும் இருக்கு, வீட்டுல பார்த்துக்குங்க. ஆகஸ்ட், செப்டம்பர் ஃபீஸ் பாக்கி இருக்கு. முடிஞ்சா இந்த வாரம் அனுப்புங்க. நன்றி.”

பத்து நிமிடத்தில் ஜீபேயில் 1,600 ரூபாய் வந்தது. கூடவே ஒரு வரி: “ஸாரி டீச்சர், மறந்துட்டேன், இனிமே லேட் ஆகாது.” அவர் இரண்டு சக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். கையில் கிரீஸ் இருக்கும்போதே போனை எடுத்துப் படித்திருப்பார். பாக்கியைக் கேட்கத்தான் டீச்சர் எழுதியிருக்கிறார், மேலே உள்ளதெல்லாம் மரியாதைக்கு என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதிய விதம் அப்படி.

உண்மையில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது நடுவில் இருந்த அந்த ‘கொஞ்சம் கவனக்குறைவு’தான். அந்தப் பையனுக்கு மைனஸ் பிடிபடவில்லை. −7 + 4 என்று எழுதிக் கொடுத்தால் −11 என்பான். இரண்டு மைனஸைப் பெருக்கினால் பிளஸ் என்று வாயால் சொல்வான். கணக்குக்குள் வரும்போது விட்டுவிடுவான். ஏழாம் வகுப்பில் உட்கார வேண்டியது உட்காராமல் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டது. அது கவனக்குறைவே இல்லை. கவனமாக, நிதானமாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தப்பாகப் போட்டான். ‘உங்கள் பையனுக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு தெரியவில்லை’ என்று இரண்டு மாத பாக்கி கேட்கும் செய்தியில் எழுதக் கை வரவில்லை. பாக்கி வைத்ததற்காகப் பையனைக் குறைசொல்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அதனால் மெத்தென்ற ஒரு சொல்லைப் போட்டு மூடினேன்.

டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் அது வெளியே வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வரைபடம் ஒன்று, வடிவியல் வரைதல் ஒன்று. இரண்டுக்கும் எட்டெட்டு மதிப்பெண். தடுமாறும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் கையில் கொடுப்பது இந்த 16-ஐத்தான். y = x² − 4x + 3 என்ற வரைபடத்துக்கு அட்டவணை போடும்போது, x = −1 என்றால் 1 + 4 + 3, அதாவது 8 வர வேண்டும். அவன் 1 − 4 + 3 என்று எழுதி 0 என்றான். x = −2-க்கு 15 வர வேண்டிய இடத்தில் −1. வலப்பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் சரி. இடப்பக்கம் மேலே ஏற வேண்டிய வளைகோடு கீழே விழுந்து கிடந்தது. பரவளையம் இப்படி இருக்காதே என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நாலு தடவை அழித்து அழித்து, தாள் கிழிந்திருந்தது. நூற்றுக்கு 38.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு அப்பா நேரில் வந்தார். “நீங்க கவனக்குறைவுன்னுதானே டீச்சர் போட்டிருந்தீங்க? நானும் தினமும் ‘கவனமாப் போடுடா’ன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டரை மாதம் வீணாகப் போயிருந்தது. ஜனவரியில் தினமும் அரை மணி நேரம் அவனை முன்னதாக வரச் சொல்லி, எண்கோடு வரைந்து, மைனஸை முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டான். பொதுத் தேர்வில் 64 வாங்கினான். அக்டோபரிலேயே தொடங்கியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எழுதுகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன்: டியூஷன் வாத்தியாருக்கும் கோச்சுக்கும் பணம் கேட்பது கூச்சமான காரியம். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஆபீஸ் இருக்கிறது, ரசீது இருக்கிறது. எங்களுக்கு நாங்களேதான். அதனால் வெறுங்கையோடு கேட்காமல், முன்னால் பிள்ளையைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை வைக்கிறோம். பொய் இல்லை, ஆனால் பணம் கேட்க வேண்டியிராவிட்டால் அன்றைக்கு அதை எழுதியிருக்க மாட்டோம். கவலை இருந்தால் அதை நடுவில் செருகுகிறோம். முதலில் வைத்தால் பெற்றவர் பயந்துவிடுவார். கடைசியில் வைத்தால் பணம் வராததற்குப் பழிவாங்குவது போல ஆகிவிடும். ஆகவே எங்கள் செய்திகளில் மிக முக்கியமானது பெரும்பாலும் நடுவில், மிகச் சின்ன வாக்கியமாக, ‘கொஞ்சம்’, ‘மட்டும்’, ‘சற்று’ என்ற சொற்களுக்கு அடியில் கிடக்கும். படிக்கிறவர் கண் முதல் வரியில் குளிர்ந்து, நேரே தொகை இருக்கும் கடைசி வரிக்குப் போய்விடும்.

இந்தச் சொற்களுக்கு எங்களுக்குள் வேறு பொருள் உண்டு. ‘இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்தா நல்லா வருவான்’ என்றால் பெரும்பாலும் வீட்டுப்பாடம் செய்வதில்லை. ‘ரொம்ப அமைதியான பொண்ணு’ என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் அம்மாக்கள் அதிகம். நான் அதை எழுதினால், அந்தப் பெண் சந்தேகம் கேட்பதே இல்லை, புரிந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்று பொருள். ‘கவனக்குறைவு’ எல்லாவற்றையும் விட மோசம். பார்த்து எழுதும்போது எண் மாறுவதும் அதுதான், அடிப்படை தெரியாததும் அதுதான், தூக்கம் போதாததும் அதுதான். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ‘தனிக் கவனம் தேவை’ என்று வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். அது கவலையாகவும் இருக்கலாம், தனி வகுப்புக்கான ஃபீஸாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். ‘ஒரு நாள் நேர்ல வாங்க, பேசலாம்’ என்பது எங்கள் மொழியிலேயே கனமான வாக்கியம். அது வந்தால் தள்ளிப்போடக் கூடாது. எழுத முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது.

பாராட்டிலும் இரண்டு வகை. ‘சூப்பர்’, ‘பிரில்லியன்ட்’, ‘நல்ல டேலன்ட்’ என்பவை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்; பெயரை மாற்றி இருபது பேருக்கு அனுப்பலாம், அனுப்புவதும் உண்டு. ‘நேத்து வடிவொத்த முக்கோணத்துல நான் போட்ட வழியை விட்டுட்டு வேற வழியில நிரூபிச்சா’ என்பதை ஒரு பிள்ளைக்குத்தான் எழுத முடியும். அதைப் பார்த்தவர்தான் எழுத முடியும். முதல் வகையை நம்பக் கூடாது என்றில்லை, அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

தேதியையும் பார்ப்பேன். மாதம் முதல் பத்து தேதிக்குள் எங்கள் தொழிலில் எல்லாருமே ஃபீஸ் நினைப்பில் இருப்போம். அப்போது வரும் செய்தியில் பாராட்டு, கவலை, பணம் மூன்றும் கலந்திருக்கும். 17-ம் தேதியோ 22-ம் தேதியோ, தொகை எதுவும் இல்லாமல், ‘தம்பி ரெண்டு நாளா முகம் சரியில்லை’ என்று ஒரு வரி வந்தால் அதில் வேறு காரணம் இல்லை. அப்படி எழுதுகிறவரை மதிக்க வேண்டும், அன்றைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த எனக்கே, நான் அம்மாவாக ஒரு செய்தியைப் படித்தபோது கண் தடுமாறியது. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, பேட்மிண்டன் போய்க்கொண்டிருந்தாள். போன வருடம் நவம்பர் 3-ம் தேதி அவள் கோச் எழுதினார்:

“வணக்கம் மேடம். பாப்பா சூப்பரா விளையாடுறா. பேட்ச்லயே நல்ல டேலன்ட். நெட் கிட்ட டச் அருமையா இருக்கு. பேக்ஹேண்ட் பக்கம் மட்டும் கால் கொஞ்சம் லேட் ஆகுது. ரெண்டு வாரமா நடுநடுவுல முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிறா, ஸ்டாமினா ஏத்தணும். அட்வான்ஸ் பேட்ச்ல போட்டா வாரம் 6 நாள், ஸ்டேட் லெவல் வரைக்கும் கொண்டுபோகலாம். மாசம் 3,500. ரெண்டு சீட்தான் இருக்கு, 10-ந் தேதிக்குள்ள சொல்லுங்க. இந்த மாச ஃபீஸ் 1,800, ஷட்டில் 400 சேர்த்து அனுப்பிடுங்க.”

படித்து முடித்ததும் என் மனதில் நின்றது ‘ஸ்டேட் லெவல்’. அடுத்து 3,500. வீட்டில் கணவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர், “முடியும்னா சேர்த்துவிடு” என்றார். ராத்திரி வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, திருத்தும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பட்டறைக்காரர் நினைவுக்கு வந்தார். செய்தியை ஒரு தாளில் கையால் எழுதினேன். கையால் எழுதும்போது நடு வரியைத் தாண்டிப் போக முடியாது.

முதலில் பாராட்டு வரிகளைத் தனியே எடுத்தேன். ‘சூப்பர்’, ‘பேட்ச்லயே நல்ல டேலன்ட்’ இரண்டும் பொது. ‘நெட் கிட்ட டச்’ மட்டும் அவர் கண்ணால் பார்த்தது, அதை வைத்துக்கொண்டேன்.

அடுத்து பணம். ஒரே வாக்கியம் போலத் தெரிந்தாலும் அதில் மூன்று வேறு பணம் இருந்தது. 1,800 என்பது இந்த மாதம் நான் தர வேண்டியது, யோசிக்க ஒன்றுமில்லை. 400 என்பது செலவு. இறகு ஷட்டில் நைலான் ஷட்டில் மாதிரி உழைக்காது, நல்ல ஆட்டத்தில் இறகு முறிந்துகொண்டே இருக்கும், ஆடுகிறவர்கள் பகிர்ந்துகொள்வது நியாயம். எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று மட்டும் கேட்கலாம். 3,500 அப்படியில்லை. அது கடனும் இல்லை, செலவும் இல்லை, புதிதாக ஒன்றை வாங்கச் சொல்வது. பார்க்க மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால், கடனைக் கொடுக்கும் அவசரத்திலேயே வாங்குவதற்கும் தலையாட்டிவிடுகிறோம். ‘ரெண்டு சீட்தான், 10-ந் தேதிக்குள்ள’ என்பது விற்பனைக்குச் சேர்ந்தது. நானும் மே மாதத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். அது பிள்ளையைப் பற்றிச் சொல்வது ஒன்றுமில்லை.

மீதி இருந்தது இரண்டு வரி. பேக்ஹேண்ட் பக்கம் கால் தாமதம். இரண்டு வாரமாக முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். தாளில் தனியே பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இது நாள் கணக்கு உள்ள வரி. இரண்டு வாரமாக, முட்டியை என்று குறிப்பாகச் சொல்கிறார். தான் பார்த்ததைச் சொன்ன அவர், அதற்கான காரணத்தைத் தானே ஊகித்து, ‘ஸ்டாமினா’ என்று முடித்துவிட்டார். நான் ‘கவனக்குறைவு’ என்று எழுதியது போலவே. கண்ணால் கண்டதையும் ஊகத்தையும் பிரிப்பது எனக்கு அன்றைக்குத்தான் கைவந்தது. பார்த்தவர் அவர், அதனால் பார்த்ததை நம்ப வேண்டும். ஊகத்தை நாம்தான் சோதிக்க வேண்டும். ஒரு மணி நேரம் பார்க்கும் எங்களுக்கு மற்ற இருபத்து மூன்று மணி நேரம் தெரியாது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கவலையும் கோரிக்கையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. முட்டி வலிக்கும் பிள்ளைக்கு வாரம் மூன்று நாளை ஆறு நாளாக்குவது எப்படி மருந்தாகும்? கடைசி வரிகளை மறைத்துக்கொண்டு மேலே உள்ளதைப் படித்தால், யாரும் ‘ஆறு நாள் அனுப்பு’ என்று முடிவு செய்ய மாட்டார்கள். இப்போதெல்லாம் என்னிடம் செய்தியைக் காட்டி யோசனை கேட்கும் அம்மாக்களுக்கு இதைத்தான் செய்யச் சொல்கிறேன். தொகை உள்ள வரியைக் கைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மீதியில் ஒரு கவலை தானாக நிற்கிறதா, நின்றால் அதற்கு என்ன தேவை என்று தோன்றுகிறது? அதற்குப் பிறகு விரலை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “வலிக்குதும்மா, சொன்னா அனுப்ப மாட்டேன்னு சொல்லலை” என்றாள். முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு லேசாகப் புடைத்திருந்த இடத்தைத் தொட்டால் முகத்தைச் சுளித்தாள்.

கோச்சுக்கு அன்று மூன்று தனிச் செய்தி அனுப்பினேன். ஒரே செய்தியாகப் பதில் எழுதினால் அவர் கண்ணும் பணத்துக்குத்தான் போகும். முதலில் 2,200 அனுப்பி, “நவம்பர் ஃபீஸும் ஷட்டிலும்” என்று எழுதினேன். அடுத்தது: “முட்டி விஷயம் சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார். எந்தக் கால்? ஆட ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல உக்காருறா? குதிச்ச பிறகா, ஓடின பிறகா?” மூன்றாவது: “அட்வான்ஸ் பேட்ச் பத்தி டாக்டர்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன். சீட் போனாலும் பரவாயில்லை.”

முதல் செய்திக்கு ஒரு கைகூப்பு வந்தது. இரண்டாவதுக்கு அவர் எழுதவில்லை, கூப்பிட்டார். வலது கால். அரை மணி நேரத்துக்குப் பிறகு. பெரும்பாலும் ஸ்மாஷுக்குக் குதித்து இறங்கியதும், நெட் பக்கம் நீட்டி எட்டு வைத்ததும். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வைத்திருந்தார். கேட்காமல் இருந்திருந்தால் அந்த விவரம் ‘ஸ்டாமினா’ என்ற ஒரு சொல்லுக்குள் போயிருக்கும். கேள்வி குறிப்பாக இருந்தால் எங்களைப் போன்றவர்கள் குறிப்பாகப் பதில் சொல்வோம், ‘எப்படி இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கா மேடம்’தான் வரும்.

எலும்பு மருத்துவரிடம் போனபோது அந்த விவரங்களை அப்படியே சொன்னேன். அவர் தொட்டுப் பார்த்தார், காலை நீட்டி மடக்கச் சொன்னார். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். வளரும் வயதில், ஓடிக் குதித்து விளையாடும் பிள்ளைகளுக்கு வருவது. முட்டிச் சில்லிலிருந்து இறங்கும் தசைநார், கீழே கால் எலும்பில் இன்னும் கெட்டிப்படாத இடத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அங்கே வலியும் புடைப்பும் வருகிறது. பயப்பட வேண்டாம், வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். விளையாட்டை நிறுத்தவும் வேண்டாம். வலி இருக்கும் வரை குதிப்பதைக் குறைக்க வேண்டும், தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்ய வேண்டும். ஆறு நாள் ஆடலாமா என்று கேட்டேன். “இப்ப வேண்டாமே” என்றார்.

அதையும் கோச்சிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பேக்ஹேண்ட் பக்கம் ஏன் கால் லேட் ஆகுதுன்னு இப்பதான் மேடம் புரியுது. அந்தப் பக்கம் போறதுக்கு வலது காலைத்தானே ஊனித் தள்ளணும். வலிக்குதுன்னு தயங்கியிருக்கா, நான் ஃபுட்வொர்க்தான் வரலைன்னு அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டேன்” என்றார். நான் அவரிடம் என் பட்டறைக்காரர் கதையைச் சொன்னேன். எனக்கும் அப்படி நடந்தது சார், என்றேன்.

அந்தப் பையனுக்குப் பிறகு நான் எழுதும் முறையை மாற்றியிருக்கிறேன். ஃபீஸ் செய்தி 1-ம் தேதி, தொகையும் மாதமும் மட்டும். அதில் பிள்ளை பெயரைத் தவிர பிள்ளையைப் பற்றி எதுவும் இருக்காது. கவலை இருந்தால் பத்தாம் தேதிக்குப் பிறகு, தனியாக: எதைப் பார்த்தேன், எத்தனை தடவை பார்த்தேன், நான் என்ன செய்கிறேன், வீட்டில் என்ன செய்யலாம். ‘மைனஸ் எண் கூட்டல் இந்த வாரம் 10 கணக்குல 7 தப்பு. நான் தினமும் 15 நிமிஷம் தனியாப் போட வைக்கிறேன். வீட்டுல ராத்திரி 5 கணக்கு மட்டும் போடச் சொல்லுங்க’ என்று எழுத இப்போது கை கூசுவதில்லை. இப்படி எழுத ஆரம்பித்த பிறகு சில பெற்றோர் முதலில் பதறிக் கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிட்டது. பாக்கி வைத்திருக்கும் வீட்டிலிருந்தும் தயங்காமல் பேசுகிறார்கள். ஆனால் பிள்ளையின் மனசு சம்பந்தமான எதையும் நான் எழுதுவதில்லை. அதற்குப் போன், இல்லையென்றால் நேரில்தான்.

மகள் இப்போதும் வாரம் மூன்று நாள் போகிறாள். ஜனவரி வரைக்கும் ஸ்மாஷ் கிடையாது, நெட் ஆட்டம் மட்டும். ஜனவரி 23-ம் தேதி கோச் எழுதினார்: “மேடம், இன்னைக்கு 50 நிமிஷம் ஆடினா, ஒரு தடவைகூட உக்காரலை.” வேறு ஒன்றும் இல்லை. பிப்ரவரி 1-ம் தேதி தனியாக இன்னொன்று வந்தது. நெட் ஆட்டத்தில் ஷட்டில் அதிகம் உடையவில்லை, 200 போதும், மொத்தம் 2,000 என்றிருந்தது. அன்றைக்கே அனுப்பினேன்.